இருபத்தொன்று புள்ளி மூன்று

நாராயணம்மா ராயக்கோட்டை பஸ் ஏறியது ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு புதன்கிழமை. கையில் துணிப்பை ஒன்று, குக்கர் ஒன்று. குக்கரைப் பையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவரை என் ஸ்கூட்டரில் பஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்தவள் நான். வழியனுப்ப ராமப்பன் தனியாகத் தன் மொபெட்டில் வந்து, பஸ்ஸின் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார்.

"போர்த் தண்ணியில பருப்பு வேகல. ரெண்டு வருஷமா வேகல," என்றார் நாராயணம்மா. "தெருவே குழாய் போட்டுடுச்சு. நீங்க மட்டும் ஆராய்ச்சி பண்ணிக்கினு இருங்க. நான் எங்கண்ணன் வீட்டுல சாம்பார் சாப்பிடறேன்."

"எப்போ வருவே?"

"குழாயில ஒகேனக்கல் தண்ணி வந்ததும் போன் போடுங்க. வரலேன்னா போட வேணாம்."

பஸ் கிளம்பியது. ராமப்பன் அது திரும்பும்வரை பார்த்துவிட்டு, "பாப்பா, அந்த பஸ்ஸுக்குப் பின் டயர் ரெண்டும் ஒரே உயரம் இல்ல, கவனிச்சியா?" என்றார்.

ராமப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன்.

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சாமல்பட்டிப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம். பதினெட்டு வயதில் ஓசூருக்கு வந்து, இன்ஜின் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரும்புச் சுருள் கூட்டி அள்ளும் ஹெல்ப்பராகச் சேர்ந்தார். கூட்டி அள்ளிய குப்பையில் ஒரு நாள் ஒரு பாகத்தை எடுத்து, "இது சரியில்லை" என்று மேஸ்திரியிடம் காட்டினார். அளந்து பார்த்தபோது உண்மையிலேயே சரியில்லை. அதன் பிறகு அவர் கையில் துடைப்பத்துக்குப் பதில் வெர்னியர் காலிப்பர் வந்தது. ஓய்வு பெறும்வரை இறுதிப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். அவர் நிராகரித்த பாகங்களை அடுக்கினால் பாகலூர் வரை போகும் என்று அங்கே வேலை பார்த்த என் அப்பா ஆரோக்கியநாதன் சொல்வார். அப்பாவின் ஷிப்டிலிருந்து போன பாகங்களும் அதில் உண்டு.

அந்தப் பிரிவில் ஒரு சட்டம் இருந்தது. பரிசோதனைத் தாளில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் வரைபடத்தில் இருக்கவேண்டிய அளவு முன்பே அச்சாகியிருக்கும். அடுத்த கட்டத்தில் பாகத்தைக் கையில் எடுத்து அளந்து, வந்த அளவை எழுத வேண்டும். அளக்காமல் வரைபடத்தைப் பார்த்து எழுதியவனை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். ராமப்பன் அப்படி இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் காலிப்பர் அவர் சட்டைப் பையில்தான். டீக்கடைக்காரர் அவருக்கு மட்டும் வடையை எண்ணெய் வடித்துக் காகிதத்தில் சுற்றியே கொடுப்பார், அளவு வெளியே தெரியாதபடி.

நான் நான்கு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் வீட்டில் இருந்த என்னை, "பல நாட்டு ஃபாரம் பூர்த்தி பண்ண பொண்ணு" என்று சொல்லி அப்பா ராமப்பனிடம் ஒப்படைத்தார். ஒரு வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு கேட்கும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சொத்து வரி ரசீது, கிரயப் பத்திர நகல், ஆதார், புகைப்படம் எல்லாவற்றையும் அவர் முன்பே வரிசையாகக் கிளிப் போட்டு வைத்திருந்தார். பெயர், கதவு எண், வரி விதிப்பு எண் எழுதினோம். பயன்பாடு: வீட்டு உபயோகம். அடுத்த வரி: கோரப்படும் குழாயின் அளவு, மில்லிமீட்டரில்.

"பதினஞ்சு எழுதுங்க அங்கிள். அரை இஞ்ச்சு. எங்க வீட்டுக்கும் அதுதான்."

"அளந்தியா?"

"அரை இஞ்ச்சுன்னா பதினஞ்சுதான் அங்கிள்."

அவர் எழுந்து உள்ளே போனார். வாங்கி வைத்திருந்த இரும்புக் குழாயில் ஒரு துண்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். காலிப்பரைத் திறந்தார்.

"வெளி விட்டம் இருபத்தொன்னு புள்ளி மூணு. பாரு." காலிப்பரின் மேல் தாடையை உள்ளே விட்டார். "உள் விட்டம் பதினாறு புள்ளி ஒண்ணு. பாத்தியா? பதினஞ்சு எங்க இருக்குது? காட்டு."

எனக்குக் காட்டத் தெரியவில்லை. குழாயின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எல்லாம் பார்த்தேன். பதினைந்து எங்கேயும் இல்லை.

"கடைக்காரன் அரை இஞ்ச்சுன்னு சொல்லி வித்துட்டான், ஜனங்க அரை இஞ்ச்சுன்னு சொல்லி வாங்கிட்டாங்க. ஊரே வரைபடத்தைப் பாத்து எழுதுது," என்று சொல்லிவிட்டு, கோடு தாண்டாத எழுத்தில் 21.3 என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் குடிநீர் அலுவலகத்தில் கவுன்ட்டரில் இருந்த அனுப்ரியா அந்த வரியில் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும்.

"சார், இங்க குழாய் அளவு ஏதோ மாறியிருக்கு. கம்ப்யூட்டர்ல பதினஞ்சு இருக்கு, இருபது இருக்கு, இருபத்தஞ்சு இருக்கு. இருபத்தொன்னு புள்ளி மூணு இல்ல."

"இல்லேன்னா அடுத்த அளவுக்குப் போங்கம்மா."

"அடுத்தது இருபத்தஞ்சு."

"போடுங்க."

"சார், வீட்டுக்கு எல்லாரும் பதினஞ்சுதான் போடுவாங்க. இருபத்தஞ்சுன்னா ஒரு இஞ்ச்சு. அபார்ட்மெண்டு, ஹாஸ்டல் அந்த மாதிரி கேக்கறது. ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். அளந்து காட்டறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன். நாலு நாடுகளின் எல்லைச் சாவடிகளில் நின்று பேசியிருக்கிறேன். ராமப்பனுக்கும் ஒரு கவுன்ட்டருக்கும் நடுவில் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அனுப்ரியா இருபத்தைந்து என்று பதிந்து, அச்செடுத்து, "நல்லா படிச்சுப் பாத்து கையெழுத்துப் போடுங்க சார்" என்று நீட்டினாள். அவர் படித்துப் பார்த்துத்தான் போட்டார். அவர் செல்போனுக்கு விண்ணப்ப எண் வந்தது. வீடு திரும்பும் வழியில் அவருக்கு அப்படியொரு நிம்மதி.

அடுத்த வாரம் இடத்தைப் பார்க்க வொர்க் இன்ஸ்பெக்டர் மாதேஷ் வந்தார். கையில் டேப், தோளில் மழைக்கோட்டு. தெருவில் மெயின் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார், வீட்டை போட்டோ எடுத்தார், பிறகு வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தார். எதையோ தேடினார்.

"மத்த வீடுங்க எங்க சார்?"

"என்ன மத்த வீடு?"

"ஒரு இஞ்ச்சு கேட்டிருக்கீங்க. மாடியில எத்தன போர்ஷன்?"

"மாடியே இல்ல."

"அப்போ மொத்தம் எத்தன வீடு?"

"ஒண்ணு."

"எத்தன பேரு?"

ராமப்பன் கொஞ்சம் யோசித்தார். பொய்யான அளவு அவர் வாயிலும் வராது. "இப்போதைக்கு ஒருத்தன்."

மாதேஷ் பேனாவை மூடினார். "ஒருத்தருக்கு ஒரு இஞ்ச்சா? குளிக்கப் போறீங்களா சார், இல்ல லாரி கழுவற சர்வீஸ் ஸ்டேஷன் வைக்கப் போறீங்களா?"

ராமப்பன் குழாய்த் துண்டையும் காலிப்பரையும் எடுத்துவந்தார். வெளி விட்டம், உள் விட்டம் இரண்டும் காட்டப்பட்டன. மாதேஷ் பொறுமையாகப் பார்த்தார். தான் சொல்வதை ஒருவர் முழுதாகப் பார்க்கிறாரே என்று ராமப்பன் முகம் மலர்ந்தது.

"கரெக்ட்டு சார். எல்லாம் கரெக்ட்டு," என்றார் மாதேஷ். "அரை இஞ்ச்சுக் குழாய் இப்படித்தான் இருக்கும். இது அரை இஞ்ச்சுதான்."

"அரை இஞ்ச்சுன்னா பன்னெண்டு புள்ளி ஏழு."

"அது உங்க கம்பெனியில சார். குழாயில அரை இஞ்ச்சுங்கறது அதுக்கு வெச்ச பேரு. எம் பேரு கூட மாதேஷ். மாதேஸ்வரன் மலைக்கு நான் போனதே இல்ல." கையில் இருந்த தாளில் எழுதிக்கொண்டே பேசினார். "தனி வீடு, இருபத்தஞ்சு தேவையில்லன்னு எழுதறேன். அளவை மாத்திக் கேளுங்கன்னு திருப்பி அனுப்புவாங்க. பதினஞ்சுன்னு மாத்திக் கொடுங்க, உடனே ஆகும். ஆனா சீக்கிரம் சார். தெரு முனையில ஜல்லி கொட்டியிருக்காங்க பாருங்க. தாரு ரோடு வருது. புது ரோட்டை வெட்ட விட மாட்டாங்க. அப்புறம் எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

திருப்பி அனுப்பிய தகவல் செல்போனுக்கு வந்தது. ராமப்பன் அளவை மாற்றவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று ஒரு வாரம் போனது. காலையில் வாசலில் நின்று ஜல்லிக் குவியலைப் பார்ப்பார். ஒரு நாள் அதன் பக்கத்தில் தார் டிரம்கள் வந்து நின்றன. அவர் சாப்பாடு மெஸ்ஸில். இரவில் எங்கள் வீட்டிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் குழம்பை வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸும்மா, பருப்பு வெந்திருக்குது" என்று சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இறங்கும். எங்கள் வீட்டில் குழாய் இருந்தது.

"அங்கிள், ஒரு நம்பர்தானே. எழுதிக் கொடுத்துட்டா ஆன்டி வந்துடுவாங்க," என்றேன்.

"முப்பத்தஞ்சு வருஷமா அளக்காத நம்பரை எழுதினதில்ல பாப்பா. அதுக்காக ரெண்டு பேரு சோத்துல மண்ணு போட்டவன் நான். இப்ப எனக்குத் தண்ணி வேணும்னதும் எழுதறதா?"

இதற்குப் பதில் நாராயணம்மாவிடம் இருக்கும் என்று தோன்றியது. போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பின்னணியில் தக்காளிப் பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டது. அவர் அண்ணனுக்கு ராயக்கோட்டை மார்க்கெட்டில் மண்டி.

"தண்ணி வந்துடுச்சா?" என்றார்.

"இல்ல ஆன்டி." நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். நடுவில் ஒரு முறை தெலுங்கில் ஏதோ சொன்னார். ராமப்பன் தரையைப் பார்த்ததால் அது மொழிபெயர்க்க வேண்டியது இல்லை என்று புரிந்தது.

"அவர் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கேன்," என்றார் ராமப்பன்.

"ஏங்க, என்னைப் பொண்ணு பாக்க வந்தீங்களே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு எங்கப்பா கேட்டாரு. உங்க மாமா என்ன சொன்னாரு?"

ராமப்பன் குழாய்த் துண்டை எடுத்துக் கையில் உருட்டினார்.

"சூப்பர்வைசர்னு சொன்னாரு. நீங்க பக்கத்துல உக்காந்து பஜ்ஜி தின்னுக்கினு இருந்தீங்க. அன்னிக்கு நீங்க என்னவா இருந்தீங்க?"

"ஹெல்ப்பர்," என்றார் ராமப்பன், மிக மெதுவாக.

"அப்போ எங்க போச்சு உங்க அளவு? அந்தப் பஜ்ஜியையாச்சும் அளந்தீங்களா?"

பின்னணியில் ஆண் குரல் ஒன்று சிரித்தது. அண்ணனாக இருக்க வேண்டும். நாராயணம்மா தொடர்ந்தார். "சூப்பர்வைசர்னு நம்பித்தான் கட்டிக்கினேன். வந்து பாத்தா ஹெல்ப்பர். நான் திருப்பி அனுப்பினேனா? பேரு ஒண்ணு, இருக்கறது ஒண்ணுன்னு வெச்சுக்கினு குடும்பம் நடத்தல? ஒரு குழாய்க்கு அந்த மரியாதை கொடுக்க முடியாதா உங்களால?"

போனை வைத்துவிட்டார்.

ராமப்பன் எழுந்து சட்டையை மாட்டினார். "பாப்பா, ஆபீஸ் எத்தன மணி வரைக்கும் இருக்கும்?"

அனுப்ரியா அவரைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் திருத்தக் கடிதத்தை நின்றபடியே எழுதினார். பதினைந்து மி.மீ. என்று எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமல் பக்கத்தில் 'பெயரளவில்' என்று சேர்த்தார்.

"இது எதுக்கு சார்?"

"இருக்கட்டும்மா. படிக்கறவங்களுக்குத் தெரியணும்."

"உள் விட்டம் எல்லாம் எழுத மாட்டீங்கல்ல?"

"எழுதலாமா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"வேணாம் சார்," என்று அவள் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு எல்லாம் முறையாகவே நடந்தது. மாதேஷ் பரிந்துரைத்தார், உதவிப் பொறியாளர் ஒப்புதல் தந்தார். வைப்புத்தொகையும் சாலை வெட்டுக் கட்டணமும் கட்டச் சொல்லித் தகவல் வந்தது. அன்றே கட்டினோம். வேலை உத்தரவு வந்தது. அலுவலகத்தில் சொன்னபடி ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சோதனைச் சான்றும் உள்ள பதினைந்து மி.மீ. மீட்டரை ராமப்பன் கடையில் வாங்கினார். அதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தால் அளப்பேன், அளந்தால் பேசுவேன் என்றார்.

குழாய் பொருத்தும் பிட்டர் கருப்பசாமி ஒரு சனிக்கிழமை காலை வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், ஓசூரில் இருபது வருஷம். கூட வந்த இரண்டு ஆட்கள் தெருவைக் குறுக்கே தோண்டினார்கள். அடுத்த தெருவில் ரோடு ரோலரின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மெயின் குழாய் தெரிந்ததும் கருப்பசாமி அதன்மேல் இரும்புப் பட்டையை இறுக்கி, துளை போட்டு, பெருல் என்னும் சின்னப் பித்தளைத் திறப்பைப் பொருத்தினார். மெயினிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கும். ராமப்பன் குனிந்து பார்த்தார். அவ்வளவு பெரிய சண்டைக்குப் பிறகு, தண்ணீர் வரப்போகும் வாசல் ஒரு சுண்டுவிரல் கூட நுழையாத அளவு.

"என்ன சார், ஒரு இஞ்ச்சு கேட்டீகளாமே," என்றார் கருப்பசாமி, குழிக்குள் இருந்து. "ஆபீஸ்ல சொன்னாய்ங்க."

ராமப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

குழாய் காம்பவுண்டுக்குள் வந்தது. மீட்டருக்குச் செங்கல் தொட்டி ஏற்கெனவே கட்டியிருந்தார், சுவரும் தரையும் மட்டம் பார்த்து. அதைக் கருப்பசாமி பாராட்டினார். மீட்டர் சாயாமல் மட்டமாக உட்கார வேண்டும், முகம் மேலே பார்க்க வேண்டும், அதன்மேல் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்க வேண்டும். அம்பைத் திருப்பி மாட்டினால் கணக்கு பின்னால் போகும். அட்டைப்பெட்டி திறக்கப்பட்டது. மீட்டர் கைக்குக் கை மாறி வரும்போது ராமப்பன் வழியாக வந்தது. அதுதான் தவறு.

அவர் கண் மீட்டரின் இரு முனைகளிலும் உள்ள திருகு மரையில் நின்றது. விரல் சட்டைப் பைக்குப் போனது. பதினைந்து மி.மீ. மீட்டர் அது. மரையோ, கண்ணால் பார்த்தாலே தெரிந்தது, குழாயின் மரையைவிட ஒரு சுற்று பெரியது. முக்கால் இஞ்ச்சு. அரை இஞ்ச்சுக் குழாயில் முக்கால் இஞ்ச்சு மரை எப்படி ஏறும்?

அப்பா காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். ராமப்பனின் வாய் திறந்தது. ரோடு ரோலர் தெரு முனையில் திரும்பியது. வாய் அப்படியே கொஞ்ச நேரம் திறந்திருந்தது.

பிறகு மூடிக்கொண்டது. மீட்டரைக் கருப்பசாமியிடம் நீட்டினார்.

கருப்பசாமி பெட்டியின் அடியிலிருந்து இரண்டு பித்தளை நட்டையும் இரண்டு சின்னக் குழலையும் எடுத்தார். நட்டு மீட்டரின் பெரிய மரையில் ஏறியது. குழலின் மறுமுனை அரை இஞ்ச்சுக் குழாயோடு சேர்ந்தது. "மீட்டரைக் கழட்டி மாட்டணும்ல சார், அதுக்குத்தான் இப்படி," என்று தானாகவே சொன்னார். ராமப்பன் தலையை ஆட்டினார். என் அப்பா பிற்பாடு சொன்னார்: "பாகத்தைக் கையில வாங்கி ஒரு வார்த்தை பேசாம திருப்பிக் கொடுத்த ராமப்பனை நான் சர்வீஸ்லயே பாத்ததில்ல."

மீட்டருக்கு சீல் வைத்தார்கள். மதியம் தண்ணீர் விடும் நேரம். குழாய் முதலில் இருமியது, செம்மண் கலந்து துப்பியது, பிறகு தெளிந்தது. ராமப்பன் ராயக்கோட்டைக்குப் போன் போட்டார்.

"வந்துடுச்சு நாராயணம்மா."

"பருப்பு வேகுதான்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

அவருக்குச் சமையல் தெரியாது. அம்மா எங்கள் குக்கரைக் கொடுத்தாள், பருப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொன்னாள். "எவ்வளவுன்னா எத்தனை மில்லி?" என்று கேட்டார். "விரல்ல ரெண்டு கோடு," என்றாள் அம்மா. பேசாமல் போய் விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினார். வெந்த பருப்பைக் கரண்டியில் எடுத்து மசித்துக் காட்டுவதை நான் வீடியோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தக்காளிக்கு நல்ல விலை ஓடும் சமயம், மண்டியில் ஆள் வேண்டும் என்று அண்ணன் சொன்னதாகத் தெரிந்தது. தெருவில் தார் போட்டு முடித்தார்கள். புது ரோட்டில் ராமப்பன் மொபெட்டை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம்வரை போய்விட்டு வெறும் பின்சீட்டோடு வருவார்.

எனக்குக் கோஹிமாவில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. அந்த வாரமே கிளம்பிவிட்டேன்.

வெயில் காலம் முழுக்கப் போய், அங்கே மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், நாராயணம்மாவின் குரல் பதிவு வந்தது. பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம்.

"பாப்பா, நல்லா இருக்கியா? நான் எப்பவோ வந்துட்டேன். சொல்ல மறந்துட்டேன். தண்ணி நல்லா வருது, பருப்பு பூ மாதிரி வேகுது. ஆனா இந்த மனுஷன் மீட்டர் தொட்டி பக்கத்துல சேர் போட்டு உக்காந்துக்கினு, நான் பாத்திரம் கழுவினா எத்தன லிட்டர், அரிசி களைஞ்சா எத்தன லிட்டர்னு உள்ள பாத்துக் கத்தறாரு. நீ இருக்கற ஊருல ஒரு ரூம் கிடைக்குமான்னு பாரு. எனக்கில்ல. அவருக்கு."